கடலுக்குப் போனால் இறங்கும் சர்க்கரை, தடைக்காலத்தில் ஏன் ஏறுகிறது?

கேள்வி: எங்கள் ஊர் பாம்பன். அப்பாவுக்கு வயது 52, விசைப்படகில் வேலை, நான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் சோதித்ததில் ரத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மேலேயே இருப்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் சாப்பிட்ட பிறகு ஏன் இவ்வளவு ஏறுகிறது? சாவி இருந்தும் கதவு ஏன் திறக்கவில்லை? மாத்திரை மாறவில்லை, ஆனால் கடலுக்குப் போகும் மாதங்களில் சர்க்கரை இறங்குகிறது, தடைக்காலத்தில் ஏறுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருத்துவக் கல்லூரியில் 26 ஆண்டுகள் உயிர்வேதியியல் நடத்திவிட்டு இப்போது கீழக்கரையில் இருக்கிறேன். நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் மருத்துவன் அல்லேன்; ஆகையால் உங்கள் தந்தையின் மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. தசைக்குள் குளுக்கோஸ் எப்படி நுழைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் இரண்டு ஐயங்களுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

சாவி, கதவு என்ற உவமையை நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அது முக்கியமான ஒரு செய்தியை மறைத்துவிடுகிறது. பூட்டிய கதவு என்றால் கதவு சுவரிலேயே இருக்கிறது, திறப்பதுதான் பாக்கி என்று ஆகிறது. தசையிலும் கொழுப்பிலும் நிலைமை அப்படி இல்லை. குளுக்கோஸை உள்ளே விடுகிற புரதத்துக்குக் குளுட்-4 என்று பெயர். இன்சுலின் குறைவாக இருக்கும் நேரத்தில் இந்தப் புரதத்தின் மிகப் பெரும்பகுதி செல்லின் வெளிச்சவ்வில் இருப்பதில்லை. செல்லுக்குள், கண்ணுக்கு எட்டாத சிறு நுண்பைகளின் சவ்வில் பதிந்து காத்திருக்கிறது. ஓய்ந்திருக்கும் கொழுப்புச் செல்லில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கோ அதற்கும் குறைவோதான் வெளியே இருக்கும். இன்சுலின் வந்ததும் அந்த நுண்பைகள் ஓரத்துக்கு வந்து வெளிச்சவ்வோடு ஒன்றாகக் கலக்கின்றன. அவற்றில் பதிந்திருந்த குளுட்-4 அப்போதுதான் செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்கிறது. கதவைத் திறப்பதல்ல, கதவையே கொண்டுவந்து சுவரில் பொருத்துவதுதான் இங்கே நடக்கும் வேலை. 1980-ஆம் ஆண்டு குஷ்மன், வார்ட்சாலா ஆகிய இருவரும், அவர்களைச் சாராமல் சுசுகி, கோனோ ஆகிய இருவரும் எலியின் கொழுப்புச் செல்களில் இதைக் கண்டறிந்தார்கள். குளுட்-4 என்ற புரதமே அடையாளம் காணப்பட்டது அதற்குப் பின்னர், எண்பதுகளின் இறுதியில்தான்.

அடுத்த கேள்வி, அந்த நுண்பைகளை உள்ளே நிறுத்திவைப்பது எது என்பது. நம் கரையில் இதை விளக்குவது எளிது. விசைப்படகில் டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி, வலையும் ஆளும் ஆயத்தமாக இருந்தாலும் மீன்வளத்துறையின் டோக்கன் இல்லாமல் படகு கிளம்பக் கூடாது. நுண்பைக்கும் அப்படி ஒரு டோக்கன் உண்டு. ரேப் என்னும் சிறு புரதங்கள் நுண்பையின் மேல் ஒட்டியிருக்கின்றன. அவை இயங்கும் நிலையில் இருந்தால் நுண்பை ஓரத்துக்கு நகரும், ஓய்ந்த நிலைக்குப் போனால் நகராது. ஏ.எஸ்.160 என்ற இன்னொரு புரதம், இயங்கும் ரேப்பை உடனுக்குடன் ஓய்ந்த நிலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கொடுத்த டோக்கனைக் கையோடு ரத்துசெய்கிற ஒருவர் துறைமுக வாசலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் நுண்பையைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அந்த ஆளைச் செயலற்றவராக்குகிறது. தடை விலகியதும் நுண்பைகள் தாமே புறப்படுகின்றன. உவமையில் ஒரு குறை உண்டு: உண்மையான செல்லில் குளுட்-4 ஒரு முறை வெளியே வந்து அங்கேயே தங்கிவிடுவதில்லை. வெளியே போவதும் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதும் எந்நேரமும் நடக்கின்றன. இன்சுலின் வந்தால் வெளியே போகும் வேகம் மிகுகிறது, இன்சுலின் குறைந்தால் சில நிமிடங்களில் பெரும்பகுதி உள்ளே திரும்பிவிடுகிறது.

இன்சுலினிலிருந்து அந்த வாசல்காரர் வரை செய்தி எப்படிப் போகிறது என்பதை உங்கள் தந்தை மதியம் சோறும் மீன் குழம்பும் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம். சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது, கணையம் இன்சுலினை விடுகிறது. அந்த இன்சுலின் மயிரிழையினும் மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவரைக் கடந்து தசை நாரை அடைய வேண்டும். மனித உடலில் தாமதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடைந்த பிறகு எல்லாம் வேகம். தசை நாரின் சவ்வில் இன்சுலின் ஏற்பி குத்திட்டு நிற்கிறது. அதன் ஒரு பாதி வெளியே, மறு பாதி உள்ளே. வெளியே இன்சுலின் ஒட்டியதும் ஏற்பியின் உட்பாகங்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் என்ற சிறு வேதிக்கூறை ஏற்றிக்கொண்டு உயிர்பெறுகின்றன. உயிர்பெற்ற ஏற்பி, ஐ.ஆர்.எஸ். என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி சவ்வோரம் வந்து, சவ்வின் உட்பக்கத்தில் உள்ள பிப்-2 என்ற கொழுப்பைப் பிப்-3 ஆக மாற்றுகிறது. பிப்-3 உண்டான இடத்தில் ஏ.கே.டி. என்ற நொதி வந்து ஒட்டுகிறது, வேறு இரண்டு நொதிகள் அதை இரண்டு இடங்களில் முடுக்கிவிடுகின்றன. முடுக்கப்பட்ட ஏ.கே.டி.தான் வாசல்காரரான ஏ.எஸ்.160 மேல் பாஸ்பேட்டை ஏற்றி அவர் கையைக் கட்டுகிறது. ஆய்வகத்தில் கொழுப்புச் செல்லுக்கு நேரடியாக இன்சுலின் கொடுத்தால் ஏற்பி ஒரு நிமிடத்துக்குள் விழிக்கிறது, ஏ.கே.டி. ஓரிரு நிமிடங்களில் விழிக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் குளுட்-4 மேற்பரப்பில் நிறைந்துவிடுகிறது. உள்ளே வந்த குளுக்கோஸின் மேல் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி உடனே ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுவதால் அது திரும்ப வெளியே போக முடியாது.

இந்தத் தொடரில் இதுவரை சொன்ன கண்ணிகள் அனைத்தும் உறுதியானவை. ஏற்பிக்குப் பாஸ்பேட்டை ஏற்றும் வேலை உண்டு என்பது 1982 முதலும், ஏ.எஸ்.160-இன் பங்கு 2000-களின் தொடக்கத்திலிருந்தும் தெரியும்.

இனி உங்கள் முதல் ஐயம். இன்சுலினுக்குப் பதிலளிக்காத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசையில் உள்ள குளுட்-4 மொத்த அளவு பெரும்பாலும் குறைவதில்லை. தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. படகுகள் துறைமுகத்தில் இருக்கின்றன. இன்சுலின் சொன்னால் அவை கிளம்புவதில்லை, அல்லது சிலவே கிளம்புகின்றன. இன்சுலின் ஏற்பியில் ஒட்டுகிறது, ஆனால் ஐ.ஆர்.எஸ். புரதத்தில் ஏற வேண்டிய பாஸ்பேட் குறைவாக ஏறுகிறது, பி.ஐ.3 கைனேஸின் வேலையும் குறைகிறது. கணையம் அதை ஈடுகட்ட மேலும் இன்சுலினை விடுகிறது. உங்கள் தந்தையின் அறிக்கையில் கண்ட கூடுதல் இன்சுலின் அதுதான். செய்தி மங்கலாகக் கேட்பதால் உரக்கக் கத்துவது போன்றது அது. ரத்தத்தில் இன்சுலினை உயர்த்தி நிறுத்திவைத்து அளந்தால் உடல் ஏற்கும் குளுக்கோஸில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தசைக்குத்தான் போகிறது. அதனால் தசை மந்தமானால் சாப்பிட்ட பிறகுள்ள சர்க்கரையில்தான் அது முதலில் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் உள்ள சர்க்கரையைப் பெரிதும் முடிவுசெய்வது கல்லீரல்.

மந்தம் எந்தக் கண்ணியில் தொடங்குகிறது என்பதில்தான் துறையில் ஒருமித்த கருத்து இல்லை. தசைக்குள் தேங்கும் கொழுப்பின் இடைப்பொருள்கள் ஏற்பியையோ ஐ.ஆர்.எஸ். புரதத்தையோ கெடுக்கின்றன என்று ஒரு சாரார் வலுவான சான்றுகளோடு சொல்கிறார்கள். எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வியும் வலுவானது: செல்லில் உள்ள ஏ.கே.டி.யில் ஒரு சிறு பங்கு விழித்தாலே வெளியே வரக்கூடிய குளுட்-4 முழுவதும் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, மேலே உள்ள கண்ணிகளில் ஏற்படும் அரைகுறைப் பழுது எப்படி இவ்வளவு பெரிய விளைவைத் தரும்? பழுதின் ஒரு பகுதி ஏ.கே.டி.க்குக் கீழே, நுண்பைகளின் அருகிலேயே இருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. என் எண்ணம் பின்னவர்கள் பக்கம் சற்றுச் சாய்கிறது, என்றாலும் ஒரே ஓர் இடத்தில்தான் பழுது என்று யாராவது அடித்துச் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஏ.எஸ்.160 என்ற ஒரு புரதம் மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கிரீன்லாந்தில் ஒரு சான்று கிடைத்தது. அங்குள்ள மக்களில் கணிசமானோரிடம் இந்தப் புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. அதனால் தசையில் அதன் நீண்ட வடிவம் உண்டாகாமல் நின்றுவிடுகிறது. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு எனத் தெரிந்தது. அவர்களிடம் சாப்பிட்ட பின் சர்க்கரை மிகுதியாக ஏறியது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் அந்த உயர்வு இல்லை. தசை மட்டும் பழுதானால் தெரிய வேண்டிய அடையாளம் இதுவே. இங்கே ஒரு முரண் தோன்றலாம். தடுப்பவரே இல்லையென்றால் குளுட்-4 எல்லாம் வெளியே வந்து சர்க்கரை குறையத்தானே வேண்டும்? அப்படி நடப்பதில்லை. அவர்கள் தசையில் குளுட்-4 மொத்த அளவே குறைந்திருந்தது. வாசல்காரரை இழந்த நுண்பைகள் ஒழுங்காகச் சேமிக்கப்படாமல் போய், குளுட்-4 சிதைக்கப்பட்டுவிடுகிறது என்பதையே எலி ஆய்வுகள் உணர்த்துகின்றன. நிறுத்திவைப்பதும் ஒரு வகையில் காப்பதுதான். மீனும் கடல் விலங்குகளும் உண்டு வாழ்ந்த மக்கள் என்பதற்காக நம் கரையோரத்துக்கும் இதைப் பொருத்திவிட வேண்டாம். அந்த மரபணு மாற்றம் கிரீன்லாந்திலும் வட அமெரிக்காவின் வடகோடியிலும் வாழும் இன்யூட் மக்களிடம் காணப்படுவது.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாசல்காரரின் கையைக் கட்ட இன்சுலின் மட்டுமே வழியல்ல. தசை சுருங்கும்போது அதன் எரிபொருளான ஏ.டி.பி. செலவாகிறது, கால்சியம் ஏறி இறங்குகிறது, நார்கள் இழுபடுகின்றன. இந்த மாற்றங்களை உணரும் நொதிகளில் ஏ.எம்.பி.கே. முதன்மையானது. அவை ஏ.எஸ்.160 மேலும், அதன் உடன்பிறப்பான டி.பி.சி.1டி1 என்ற புரதத்தின் மேலும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. ஏற்பி, ஐ.ஆர்.எஸ்., பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி. ஆகிய நான்கும் இந்தப் பாதையில் இல்லை. பழுதான சாலையைத் தொடாமலே அதே துறைமுக வாசலுக்கு வந்து சேரும் இன்னொரு பாதை அது. பி.ஐ.3 கைனேஸை நிறுத்தும் வொர்ட்மன்னின் என்ற பொருளைக் கொடுத்தால் இன்சுலினின் விளைவு நின்றுபோகிறது, சுருங்குவதால் வரும் விளைவோ நிற்பதில்லை. தசையில் இன்சுலின் ஏற்பியே இல்லாதபடி உருவாக்கிய எலிகளை ஓடவிட்டபோதும் அவற்றின் தசை குளுக்கோஸை எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும்விட உங்களுக்கு உரிய சான்று 1999-இல் வந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களை மிதிவண்டி மிதிக்கச் செய்து தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நலமாக இருப்பவர்களைப் போலவே அவர்கள் தசையிலும் குளுட்-4 மேற்பரப்புக்கு வந்திருந்தது. ஏ.எம்.பி.கே.யைத் தசையில் நீக்கினாலும் உடற்பயிற்சியின் விளைவு முற்றிலும் அழிவதில்லை என்பதால், இந்தப் பாதையில் எந்த நொதிக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

உழைப்பு நின்ற பிறகும் அதன் பயன் உடனே தீர்ந்துவிடுவதில்லை. ஒரே ஒரு காலால் மட்டும் உழைக்கச் செய்து, சில மணி நேரம் கழித்து இன்சுலின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. இரண்டு கால்களுக்கும் ஒரே ரத்தம், ஒரே இன்சுலின். ஆனாலும் உழைத்த கால்தான் கூடுதலாகக் குளுக்கோஸை ஏற்றது. இன்சுலினை உணரும் இந்தக் கூர்மை ஏறத்தாழ 48 மணி நேரம் வரை நீடிக்கக் கூடியது. உங்கள் தந்தையின் வேலையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வலையின் மடியை இழுத்து ஏற்றுவது, குனிந்து மீனைப் பிரிப்பது, கூடையும் ஐஸ் பெட்டியும் தூக்குவது என்று முதுகு, தோள், தொடை அனைத்தும் உழைக்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடலுக்குப் போகிறவருக்கு முந்தைய உழைப்பின் கூர்மை மழுங்குவதற்குள் அடுத்த உழைப்பு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் இடைவெளியே விழுவதில்லை. ஏப்ரல் 15-இல் தடை தொடங்கிய மூன்றாம் நாளே இந்தத் துணை இல்லாமல் போகிறது. அதன் பிறகு மெதுவான ஓர் இழப்பும் சேர்கிறது. தொடர்ந்து உழைக்கும் தசை குளுட்-4 புரதத்தைக் கூடுதலாகவே வைத்திருக்கும். பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள் ஒரு வாரம், பத்து நாள் ஓய்ந்திருந்தாலே அந்த அளவு குறைவதை அளந்திருக்கிறார்கள். ஆக 61 நாள் தடையில் முதலில் கூர்மை போகிறது, பிறகு படகுகளின் எண்ணிக்கையும் குறையத் தொடங்குகிறது.

கொழுப்புச் செல்லுக்கு இந்த இரண்டாம் பாதை இல்லை, ஏனென்றால் அது சுருங்குவதில்லை. இன்சுலின் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். ரேப் குடும்பத்தில் எந்த உறுப்பினர் வேலை செய்கிறார் என்பது மட்டும் வேறு, கொழுப்பில் ரேப்-10, தசைச் செல்லில் ரேப்-8ஏ, ரேப்-13. கொழுப்பு எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸ் தசையோடு ஒப்பிட்டால் சிறிது. இருந்தும் அதை ஒதுக்கிவிட முடியாது. கொழுப்பில் மட்டும் குளுட்-4 நீக்கப்பட்ட எலிகளில் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு மந்தமாகிவிட்டன என்று 2001-இல் காட்டினார்கள். தடைக்காலத்தில் வயிறு சற்றுப் பெருத்திருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதானா என்பதை நான் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. குளுட்-4 எங்கே நிற்கிறது என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது, தசைத் துணுக்கு எடுப்பது ஆராய்ச்சிக்கு மட்டுமே. தடைக்காலத்தில் வீட்டில் இருப்பதால் டீயும் பலகாரமும் கூடுவது, தூக்கம் மாறுவது, மாத்திரை தவறுவது ஆகிய எதுவும் சர்க்கரையை ஏற்றலாம். வீட்டுக் கருவியை வைத்து ஓரளவு பிரித்தறியலாம். ஒரே அளவு சோறு, ஒரே மாத்திரை என்று வைத்துக்கொண்டு, கரை திரும்பிய மறுநாள், வேலையில்லாத மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள். அதே நாட்களில் காலை வெறும் வயிற்று அளவையும் எழுதுங்கள். சாப்பிட்ட பிறகுள்ள அளவு மட்டும் படிப்படியாக ஏறி, காலை அளவு பெரிதும் மாறாமல் இருந்தால் நான் சொன்ன தசைக் காரணம் பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கல்லீரல், உணவு, மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைத் தடையின் நடுவில் எடுத்தால் அதில் கடலுக்குப் போன மார்ச் மாதமும் கலந்திருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இந்த இரண்டு பாதைகளும் ஒன்றின் மேல் ஒன்று கூடுபவை என்பதால் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அவர் இன்சுலின் ஊசி போடுபவராகவோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினை விடச்செய்யும் கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவராகவோ இருந்து, தடைக்காலத்தில் ஏறிய சர்க்கரைக்காக அளவும் கூட்டப்பட்டிருந்தால், ஜூன் 14-க்குப் பிறகு முதல் முறை படகேறும்போது மருந்தின் வேலையும் உழைப்பின் வேலையும் ஒரே நாளில் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் வந்தால் அதை வெயிலின் களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். தடை முடிவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, எழுதி வைத்த அளவுகளோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய், கடலுக்குப் போகும் நாட்களுக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகில் சீனியோ குளுக்கோஸ் பொடியோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், கூட வரும் ஆட்களில் ஒருவருக்காவது அது எதற்கு என்று தெரிந்திருக்கட்டும்.